பழைய கார் ஸ்டீரியோவில் போனை இணைப்பதும், பேச்சு அறுந்து போவதைச் சரிசெய்வதும்

காங்கேயத்தில் என் பெரியப்பா தேங்காய்ப் பருப்பு வியாபாரம் செய்கிறார். வாரத்தில் இரண்டு மூன்று நாள் தாராபுரம், உடுமலை வழியாகப் பொள்ளாச்சிக்குக் காரில் போய் வருவார். வண்டி 2012-இல் வாங்கியது. வண்டியோடு வந்த ஸ்டீரியோவிலேயே புளூடூத் உண்டு. பழைய போன் இருந்தவரை அதில்தான் விலை பேசுவார், லாரிக்காரரிடம் பேசுவார், ஒரு தொந்தரவும் இருக்கவில்லை. புதுப் போன் வாங்கிய பிறகுதான் ஆரம்பித்தது. பேசத் தொடங்கி இரண்டு மூன்று நிமிடத்தில் எதிராளியின் குரல் நின்றுவிடும். "ஹலோ, ஹலோ" என்று நாலு தரம் கத்திவிட்டுக் கட் செய்து, மறுபடி போடுவார்.

"தாராபுரம் ரோட்டுல டவரே செத்துப் போச்சு கண்ணு. எனக்கு வேற சிம் வாங்கிக் குடு" என்றார். சிம்மையும் மாற்றினோம். ஒன்றும் மாறவில்லை. அப்புறம்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை வண்டியைக் களத்து ஓரமாக நிறுத்திவைத்து, முதலிலிருந்து பார்த்தோம். அன்று பார்த்த வரிசையிலேயே இங்கே எழுதுகிறேன். பத்துப் பன்னிரண்டு வருடப் பழைய ஸ்டீரியோ வைத்திருக்கும் யாருக்கும் இந்த வரிசை பொருந்தும்.

பாட்டு ஓடுகிறதே, பேச்சு மட்டும் ஏன் அறுகிறது?

பெரும்பாலானவர்கள் இங்கேதான் குழம்புகிறார்கள். "பாட்டு அருமையா ஓடுதுங்க, அப்ப புளூடூத் நல்லாத்தானே இருக்கு" என்பார்கள். பாட்டும் பேச்சும் ஒரே புளூடூத்தில் போனாலும் இரண்டும் வேறு வேறு வழி. பாட்டு வரும்போது ஸ்டீரியோ கொஞ்சத்தை முன்கூட்டியே வாங்கிக் கையில் வைத்துக்கொள்கிறது. நடுவில் ஒரு துண்டு தவறினால் மறுபடி கேட்டு வாங்க அதற்கு நேரம் இருக்கிறது. பேச்சில் அந்த அவகாசம் கிடையாது. நீங்கள் பேசியது அந்தக் கணமே போய்ச் சேர வேண்டும். தவறிய துண்டை ஓரிரு முறை மறுபடி கேட்கலாம், அதற்குள் வராவிட்டால் போனது போனதுதான். அதனால் பாட்டில் காதுக்கே எட்டாத ஒரு சின்ன இடைஞ்சல், பேச்சில் கரகரப்பாகவோ அறுப்பாகவோ தெரியும்.

அதோடு, பேச்சுக்குப் போன் தனியாக ஒரு 'ஹேண்ட்ஸ்-ஃப்ரீ' இணைப்பைப் போடுகிறது. பாட்டு இணைப்பு அப்படியே இருக்க, இது மட்டும் விழலாம். இதை மனதில் வைத்துக்கொண்டால் பின்னால் வருவதெல்லாம் எளிதாகப் புரியும்.

முதலில் பழையதை இரண்டு பக்கமும் அழியுங்கள்

புதிதாக இணைப்பதற்கு முன் பழைய இணைப்பைத் துடைத்தெறிய வேண்டும். ஒரு பக்கம் மட்டும் அழித்தால் போதாது. முதல் முறை இணையும்போது போனும் ஸ்டீரியோவும் தங்களுக்குள் ஒரு ரகசியச் சாவியைப் பேசி வைத்துக்கொள்கின்றன. போனில் மட்டும் அழித்தால் ஸ்டீரியோவிடம் பழைய சாவி அப்படியே இருக்கும். புதுச் சாவியோடு போன் வந்து கதவைத் தட்டினால் திறக்காது. திரையில் கடவு எண் தவறு என்றோ, இணைக்க முடியவில்லை என்றோ வரும். எண்ணைச் சரியாகத்தான் போட்டிருப்பீர்கள்.

போனில் புளூடூத் பக்கத்துக்குப் போய், ஸ்டீரியோவின் பெயருக்குப் பக்கத்தில் உள்ள பல்சக்கரக் குறியைத் தொட்டு `Forget` அல்லது `Unpair` கொடுங்கள். ஐபோனில் அந்த இடத்தில் வட்டத்துக்குள் ஒரு `i` இருக்கும், உள்ளே `Forget This Device`. பிறகு ஸ்டீரியோவின் புளூடூத் மெனுவில் போன்களின் பட்டியலைத் திறந்து, அங்கேயும் அழியுங்கள். பழைய ஸ்டீரியோக்கள் சில போன்களை மட்டுமே நினைவில் வைக்கும், பல மாடல்களில் ஐந்துதான். பெரியப்பாவின் ஸ்டீரியோவில் ஐந்து இடமும் நிரம்பியிருந்தது. அதில் இரண்டு போன்கள் இப்போது யாரிடமும் இல்லை, ஒன்று எப்போதோ வேலைக்கு வந்து போன டிரைவருடையது. பட்டியல் நிரம்பியிருந்தால் சில ஸ்டீரியோ காரணம் எதுவும் சொல்லாமல் புதுப் போனை ஒதுக்கிவிடும். ஆகவே எல்லாவற்றையும் அழித்துவிடுவது நல்லது. வேண்டியவர்கள் மறுபடி இணைத்துக்கொள்ளலாம்.

இணைக்கும் முறை

வண்டியை ஓரமாக நிறுத்தி, எஞ்சினை ஓடவிடுங்கள். சாவியை வெறும் `ACC`-இல் வைத்து இணைத்துவிட்டு, பாதியில் எஞ்சினைக் கிளப்பினால் ஸ்டார்ட் ஆகும் அந்த நொடியில் ஸ்டீரியோவுக்கு மின்சாரம் நின்று வரும், இணைப்பு பாதியில் விழும். வண்டியில் இருக்கும் மற்றவர்களின் போனில் புளூடூத்தை நிறுத்தச் சொல்லுங்கள்.

ஸ்டீரியோவை இணைக்கும் நிலைக்குக் கொண்டுவாருங்கள். சிலவற்றில் போன் படம் போட்ட பட்டனை நீளமாக அழுத்த வேண்டும், சிலவற்றில் மெனுவுக்குள் `PAIRING` என்று இருக்கும். பொதுவாக இரண்டு மூன்று நிமிடம்தான் அது காத்திருக்கும். பிறகு போனில் புளூடூத் பக்கத்தைத் திறந்து, ஸ்டீரியோவின் பெயர் வந்ததும் தொடுங்கள். சில பழைய மாடல்களில் இது தலைகீழ்: ஸ்டீரியோதான் போனைத் தேடும். அப்படியானால் போனில் புளூடூத் பக்கம் திறந்தபடியே இருக்க வேண்டும். அந்தப் பக்கத்தை மூடினால் புதிதாகத் தேடுகிறவர்கள் கண்ணுக்குப் போன் தெரியாது.

2007-இல் வந்த புளூடூத் 2.1-க்கு முந்தைய முறையில் ஓடும் ஸ்டீரியோ என்றால் கடவு எண் கேட்கும். `0000` போட்டுப் பாருங்கள், இல்லாவிட்டால் `1234`. அதற்குப் பிந்தையது என்றால் இரண்டு திரையிலும் ஒரே ஆறு இலக்க எண் வரும், ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்துச் சம்மதம் கொடுத்தால் போதும்.

இந்த இடத்தில் போன் இன்னொரு கேள்வி கேட்கும்: தொடர்பு எண்களையும் அழைப்புப் பட்டியலையும் ஸ்டீரியோவுக்குக் கொடுக்கலாமா என்று. இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லுங்கள். காரணம் பின்னால் வருகிறது.

இணைந்ததும் சாவியை நிறுத்தி, ஒரு நிமிடம் விட்டு, மறுபடி எஞ்சினைக் கிளப்புங்கள். நீங்கள் எதையும் தொடாமல் போன் தானாக இணைய வேண்டும். அப்படி இணைந்தால் அந்த ரகசியச் சாவி இரண்டு பக்கமும் சரியாகப் பதிந்திருக்கிறது. இல்லையென்றால் அழிப்பதிலிருந்து மறுபடி தொடங்குங்கள். ஐபோன் வைத்திருப்பவர்கள் அந்த `i` குறிக்குள் `Device Type` என்பதை `Car Stereo` என்று வைத்துவிடலாம்.

அறுந்தது எது?

இனிமேல்தான் உண்மையான வேலை. பேச்சு அறுவது என்று நாம் ஒரே பெயரில் சொல்வது மூன்று வேறு விஷயம். அறுந்த அந்த நொடியில் போன் திரையையும் ஸ்டீரியோ திரையையும் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும். ஓட்டுகிறவர் பார்க்கக் கூடாது, பக்கத்தில் ஒருவரை உட்கார வையுங்கள்.

போனில் அழைப்பே முடிந்துபோயிருந்தால் பெரும்பாலும் டவர். அதுவும் ஒரே இடத்தில் ஒவ்வொரு முறையும் விழுந்தால் சந்தேகமே வேண்டாம். பண்ணாரி தாண்டித் திம்பம் மலையில் இருபத்தேழு கொண்டை ஊசி வளைவு ஏறும்போது அறுவதற்கு ஸ்டீரியோவைத் திட்டிப் பயன் இல்லை. புளூடூத்தை நிறுத்திவிட்டு, பக்கத்தில் இருப்பவர் போனைக் காதில் வைத்து அதே இடத்தில் பேசிப் பார்த்தால் உறுதியாகிவிடும்.

போனில் அழைப்பு நேரம் ஓடிக்கொண்டே இருக்கிறது, ஆனால் ஸ்டீரியோவில் சத்தம் இல்லை என்றால் புளூடூத் விழுந்திருக்கிறது. அழைப்பைப் போன் கைவிடவில்லை, குரலை மட்டும் வேறு பக்கம் திருப்பிவிட்டது.

ஸ்டீரியோ திரையே ஒரு கணம் இருண்டு மறுபடி எரிந்தால் அது மின்சாரப் பிரச்சினை, போனுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

பெரியப்பாவின் போனில் அழைப்புப் பட்டியலைத் திறந்து பார்த்தேன். "ரெண்டு நிமிசத்துல அறுந்துருச்சு" என்று அவர் சொன்ன அழைப்பு நான்கு நிமிடத்துக்கு மேல் ஓடியிருந்தது. கடைசியில் முடித்தது அவர்தான். ஆக டவர் பாவம், அதன்மேல் குற்றமில்லை. குரல் எங்கேயோ போயிருக்கிறது.

கையில் கட்டியிருந்த வாட்ச்

நிறுத்திய வண்டியில் இருந்தபடியே, என் மனைவியை அவருக்கு ஒரு அழைப்பு போடச் சொன்னேன். ஸ்டீரியோவில் குரல் தெளிவாக வந்தது. இரண்டாவது நிமிடம் பெரியப்பா கண்ணாடியைத் துடைக்கக் கையை எடுத்தார், குரல் நின்றது. போன் திரையில் அழைப்பு ஓடுகிறது. ஸ்பீக்கர் குறியைத் தொட்டதும் ஒரு பட்டியல் விரிந்தது. அதில் ஸ்டீரியோவின் பெயருக்குக் கீழே இன்னொரு பெயர், அதற்கு நேராக டிக். அவர் கையைத் தூக்கிக் காதருகே வைத்தேன். வாட்சுக்குள்ளிருந்து என் மனைவி "ஏனுங்க மாமா, கேக்குதுங்களா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

புதுப் போனோடு சேர்த்து மகன் வாங்கிக் கொடுத்த, பேசக்கூடிய வாட்ச் அது. இந்த வகை வாட்ச் போனுக்கு இன்னொரு ஹேண்ட்ஸ்-ஃப்ரீ. ஸ்டீரியோவும் ஒரு ஹேண்ட்ஸ்-ஃப்ரீ. வாட்ச் இணைப்பு விட்டு மறுபடி ஒட்டும்போதெல்லாம், சில போன்கள் கடைசியாக வந்த கருவிக்குக் குரலைக் கொடுத்துவிடும். ஓடுகிற வண்டியில் அந்தச் சின்ன ஸ்பீக்கர் சத்தம் யார் காதுக்கு எட்டும்? எட்டாது, அறுந்துவிட்டது என்றுதான் நினைப்போம்.

இதற்குச் செய்ய வேண்டியது: போனின் புளூடூத் பட்டியலில் வாட்சின் பெயருக்குப் பக்கத்துச் சக்கரத்தைத் தொட்டு, `Phone calls` அல்லது `Calls` என்பதை அணைத்துவிடுங்கள். பல வாட்சுகள் பட்டியலில் இரண்டு பெயராக நிற்கும், ஒன்று நடை எண்ணிக்கைக்கும் அறிவிப்புக்கும், இன்னொன்று பேச்சுக்கு. பேச்சுக்கானதை மட்டும் `Forget` செய்தால் மற்றதெல்லாம் வழக்கம்போல வேலை செய்யும். காதில் மாட்டும் இயர்பட்ஸ் வைத்திருப்பவர்களுக்கும் இதே கதைதான். பெட்டியின் மூடி சரியாகச் சாத்தாமல் பையில் கிடந்தால் அது தானாக விழித்துக்கொண்டு அழைப்பைப் பிடித்துக்கொள்ளும்.

வாட்சில் அழைப்பை அணைத்த பிறகு பத்து நிமிடம் பேசினோம். ஒரு தரம்கூட விழவில்லை.

மிச்சமிருந்த கரகரப்பு

ஆனால் கிளம்பிய முதல் சில நிமிடங்களில் குரல் கரகரத்தது, அப்புறம் தானாகத் தெளிந்தது. இது தொடர்பு எண்களால். முதல்முறை இணைத்தபோது எல்லா எண்களையும் கொடுக்கச் சம்மதித்திருந்தார், நான் மறுபடி இணைத்தபோதும் பழக்கத்தில் அதையே தொட்டுவிட்டார். மூவாயிரத்துக்கு மேல் பெயர்கள். ஒவ்வொரு முறை சாவி போடும்போதும் ஸ்டீரியோ அத்தனையையும் இழுக்க முயல்கிறது. அந்தக் காலத்து ஸ்டீரியோவின் சிப்புக்கு அதுவே பெரும் பாரம், அதற்கு மேல் பேச்சையும் சுமக்கச் சொன்னால் திணறும். தமிழில் பதிந்த பெயர்கள் எப்படியும் அதன் திரையில் பெட்டி பெட்டியாகத்தான் வந்துகொண்டிருந்தன. போனில் ஸ்டீரியோவின் பெயருக்குள் போய்த் தொடர்பு எண் பகிர்வை அணைத்தோம். இதனால் ஒரு இழப்பு உண்டு, அழைப்பு வந்தால் ஸ்டீரியோவில் பெயருக்குப் பதில் எண்தான் தெரியும். எண்ணைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடுகிற பெரியப்பாவுக்கு அது குறையாகத் தோன்றவில்லை.

கரகரப்பு வழி முழுவதும் இருந்தால் வேறு இடத்தில் தேட வேண்டும். பின் சீட்டில் பேரன் உங்கள் போனின் ஹாட்ஸ்பாட்டில் வீடியோ பார்த்துக்கொண்டு வருகிறானா? ஹாட்ஸ்பாட் 2.4 கிகாஹெர்ட்ஸில் ஓடினால் புளூடூத்தும் அதே அலைவரிசையில்தான் ஓடுகிறது. பல போன்களில் இரண்டுக்கும் ஒரே ஆன்டெனா. வீடியோ இழுக்கும் நேரமெல்லாம் பேச்சு துண்டு துண்டாகும். ஹாட்ஸ்பாட் அமைப்பில் `5 GHz` என்று மாற்றிவிடுங்கள். கண்ணாடியில் மாட்டியிருக்கும் கேமராவின் வைஃபையும் இப்படித்தான், படம் இறக்கும்போது மட்டும் போட்டுக்கொண்டால் போதும்.

போன் இருக்கும் இடத்தையும் பாருங்கள். இந்த அலையை நம் உடம்பு நன்றாகவே உறிஞ்சிக்கொள்ளும். பேன்ட் பின்பாக்கெட்டில் போனை வைத்து அதன்மேல் உட்கார்ந்தால், நடுவில் ஆளும் சீட்டும் வந்துவிடுகின்றன. டேஷ்போர்டு மேலோ கியர் பக்கத்துக் குழியிலோ வைத்து ஒருமுறை பேசிப் பாருங்கள், வித்தியாசம் உடனே தெரியும்.

வேகத்தடையில் விழும் பேச்சு

இது பெரியப்பா வண்டியில் கடைசியாகக் கிடைத்தது. எல்லாம் சரி என்று வெள்ளகோவில் பக்கம் ஓட்டிப் போனோம். ஒரு வேகத்தடையில் வண்டி தூக்கிப்போட்டதும் ஸ்டீரியோ அணைந்து எரிந்தது. பேச்சு போனுக்குப் போய்விட்டது. "இத நான் பாத்துருக்கேன் கண்ணு, ஆனா பாட்டு மறுக்கா வந்துருமே" என்றார். வரும். பாட்டு தானாகத் தொடரும், பேச்சைப் பல போன்கள் திருப்பிக் கொடுக்காது.

எந்த வயர் என்று கழற்றாமலே ஓரளவு ஊகிக்கலாம். ஸ்டீரியோவுக்கு மூன்று முக்கிய வயர். எப்போதும் 12 வோல்ட் வருவது ஒன்று, சாவி போட்டால் வருவது ஒன்று, எர்த் ஒன்று. தனியாக வாங்கி மாட்டும் ஸ்டீரியோக்களில் இவை மஞ்சள், சிவப்பு, கறுப்பு. வண்டியோடு வந்த வயரிங்கில் நிறம் வேறாக இருக்கும், நிறத்தை நம்பி எதையும் வெட்டிவிடாதீர்கள். ஸ்டீரியோ அணைந்து எரிந்த பிறகு கடிகாரமும் ரேடியோ நிலையங்களும் அப்படியே இருந்தால் சாவி வயரில் தளர்ச்சி இருக்கலாம். கடிகாரம் தொடக்கத்துக்குப் போய்விட்டால் எப்போதும் வரும் வயரோ எர்த்தோ விட்டுவிட்டு வருகிறது. எங்களுக்குக் கடிகாரம் `12:00` என்று நின்றது.

நல்ல கார் எலக்ட்ரீசியனுக்கு இது அரை மணி நேர வேலை. நீங்களே செய்வதானால் சாவியை எடுத்து, பேட்டரியின் மைனஸைக் கழற்றிவிட்டுத்தான் டேஷ்போர்டில் கைவைக்க வேண்டும், ஏர்பேக் உள்ள வண்டியில் இதைத் தவிர்க்கவே கூடாது. ஸ்டீரியோவை வெளியே இழுத்ததும் பின்னால் உள்ள கப்ளரில் பின்கள் முழுதாக உட்கார்ந்திருக்கின்றனவா, எர்த் வயரின் வளையம் உலோகத்தைத் தொடுகிறதா என்று பாருங்கள். எங்கள் எர்த் வளையம் போல்ட்டுக்கு அடியில் பச்சை பூத்துக் கிடந்தது. யாரோ ஒருமுறை கழற்றி, பெயின்ட்டுக்கு மேலேயே முறுக்கியிருக்கிறார்கள். உப்புத்தாளால் தேய்த்து உலோகம் தெரியவைத்து இறுக்கினோம்.

பிறகு பேட்டரியை மாட்டி, எஞ்சினை ஓடவிட்டு மல்டிமீட்டரை வைத்தால், ஸ்டீரியோவுக்கு வரும் வயரில் 13.5-க்கும் 14.5-க்கும் இடையில் இருக்க வேண்டும். வயர்க்கட்டைக் கையால் ஆட்டும்போது எண் துள்ளக் கூடாது. ஸ்டீரியோ உடம்புக்கும் பேட்டரி மைனஸுக்கும் இடையில் அளந்தால் கிட்டத்தட்டப் பூஜ்யம் வர வேண்டும், அரை வோல்ட் காட்டினால் எர்த் இன்னும் சரியில்லை.

இதற்குமேல் ஸ்டீரியோவால் முடியாதபோது

வேறு வேறு கம்பெனியின் இரண்டு போன்களைத் தனித்தனியாக இணைத்து, வாட்சும் ஹாட்ஸ்பாட்டும் இல்லாமல், நிறுத்திய வண்டியில் பேசிப் பாருங்கள். இரண்டிலும் ஒரே மாதிரி அறுந்தால் ஸ்டீரியோவின் புளூடூத் சிப் தளர்ந்துவிட்டது. ஒரு போனில் மட்டும் அறுந்தால், அந்தப் போனில் ரீசெட் பகுதிக்குப் போய் வைஃபை, புளூடூத் அமைப்புகளை மட்டும் அழித்துவிட்டு மறுபடி இணைக்கலாம். படமோ எண்ணோ போகாது, ஆனால் வீட்டு வைஃபை கடவுச்சொல்லை மறுபடி போட வேண்டியிருக்கும். குரல் அறுவதில்லை, பழைய லேண்ட்லைன் போல மூக்கால் பேசுகிற மாதிரி இருக்கிறது என்பது மட்டும்தான் குறை என்றால் அதைச் சரிசெய்ய வழி கிடையாது. அந்தக் காலத்து ஸ்டீரியோக்கள் அவ்வளவு குரலைத்தான் கடத்தும்.

சிப் போயிருந்தால் ஸ்டீரியோவை மாற்ற வேண்டியதில்லை. `AUX` துளை இருந்தால் அதில் செருகும் மைக் உள்ள புளூடூத் அடாப்டர் ஒன்று வாங்கலாம், மைக் தனி வயரில் வருவதாகப் பார்த்து வாங்கி, தலைக்கு மேலே கண்ணாடிப் பக்கம் ஒட்டுங்கள். சார்ஜரில் செருகியதும் எஞ்சின் வேகத்தோடு ஏறி இறங்கும் ஒரு 'ஙொய்' சத்தம் வந்தால், `AUX` வயருக்கு நடுவில் மாட்டும் கிரவுண்ட் லூப் ஐசோலேட்டர் அதை நிறுத்தும். அடாப்டரை மாட்டிய அன்றே போனில் பழைய ஸ்டீரியோவின் பெயரை `Forget` செய்துவிடுங்கள். விட்டுவைத்தால் அதுவும் ஒரு ஹேண்ட்ஸ்-ஃப்ரீயாக நின்றுகொண்டு, வாட்ச் செய்த அதே வேலையைச் செய்யும்.